காய்ச்சல் மருந்தின் அளவு: தலைப்பு வெட்டப்பட்ட ஒரு புகைப்படத்தால் பட்ட பாடு

மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. ஊரில் என் அம்மாவிடம் இருந்தபோது காய்ச்சல் வந்தது. மருத்துவர் தொலைபேசியில் பாரசிட்டமால் சிரப் கொடுக்கச் சொல்லி, அளவை எடைக்கேற்ப அட்டவணை பார்த்துக் கொடுக்கும்படி சொன்னார். அட்டவணையின் புகைப்படத்தை மருத்துவமனை வரவேற்பில் இருந்து அனுப்பினார்கள். அந்தப் படத்தின் மேல்பகுதியே இல்லை. இடப்பக்கம் எடை, அதை அடுத்து மில்லி அளவுகள் இரண்டு வரிசை. எந்த வரிசை எந்த மருந்துக்கு என்று சொல்லும் தலைப்பு வெட்டுப்பட்டிருந்தது. முழுப் படம் கேட்டு மீண்டும் அழைத்தேன். “அதிலேயே எல்லாம் இருக்கிறது, பாருங்கள்” என்று வைத்துவிட்டார் அங்கிருந்தவர். இன்றும் கோபம் ஆறவில்லை.

பாரசிட்டமால் சிரப் ஒரே அடர்த்தியில் வருவதில்லை. 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருப்பதும் உண்டு, 250 மில்லிகிராம் இருப்பதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். மருத்துவர் சொன்னது 120. கடையில் அது இல்லாததால் 250 பாட்டிலை எடுத்துக் கொடுத்து, “அதே மருந்துதான்” என்றிருக்கிறார்கள். மருந்து அதேதான், ஆனால் ஒரு மில்லிக்குள் இருப்பது இரண்டு மடங்குக்கும் மேல். பாட்டில் முகப்பைப் படம் எடுத்து அனுப்பும்படி அம்மாவிடம் கேட்டிருக்காவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

அடுத்து எடை. பேரனை எடை இயந்திரத்தில் நிறுத்தி, திரையைப் படம் எடுத்து அனுப்பினார் அம்மா. 25.2 என்று இருந்தது. போன தடுப்பூசியின்போது அட்டையில் 11 கிலோ என்று எழுதியிருந்தார்கள். ஒன்றே முக்கால் வயதில் 25 கிலோ வர வழியில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக lb என்று தெரிந்தது. இயந்திரம் பவுண்டில் காட்டிக்கொண்டிருந்தது. 25.2-ஐ 2.2-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 11.4 கிலோ. அதோடு விடவில்லை. இயந்திரத்தின் அடிப்பக்கம் இருக்கும் பொத்தானை அழுத்தி kg-க்கு மாற்றச் சொன்னேன். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு நின்றபோது 64.8, தனியாக நின்றபோது 53.4. வித்தியாசம் அதே 11.4. அப்போதுதான் மூச்சு வந்தது.

தலைப்பில்லாத இரண்டு வரிசைகளில் எது எதற்கு என்பதைக் கணக்கே சொல்லிவிடும். குழந்தைகளுக்குப் பாரசிட்டமால் ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை. படத்தில் 11 கிலோவுக்கு நேராக 7 என்றும் 3.3 என்றும் இருந்தன. 120 சிரப்பின் ஒரு மில்லியில் 24 மில்லிகிராம். 7 மில்லி என்றால் 168, கிலோவுக்கு 15. பொருந்துகிறது. அதே 7 மில்லியை 250 சிரப்பில் கொடுத்தால் 350 மில்லிகிராம், கிலோவுக்கு 32. ஆகவே முதல் வரிசை 120-க்கு, இரண்டாவது 250-க்கு. எங்கள் கணக்கு இப்படி வந்தது:

```
11.4 × 15 = 171 மி.கி.
250 ÷ 5 = 50 மி.கி. (1 மில்லியில்)
171 ÷ 50 = 3.4 மில்லி
```

பவுண்டைக் கிலோ என்று எடுத்து, 25 கிலோவுக்கு நேரான முதல் வரிசையைப் படித்திருந்தால் 15.5 மில்லி. கையில் இருந்த பாட்டிலில் அது 775 மில்லிகிராம். அவனுக்கு ஒரு நாள் முழுவதும் கொடுக்கக்கூடிய உச்ச அளவையே ஒரே வேளையில் தாண்டியிருக்கும். அளவு மீறினால் கல்லீரலைப் பாதிக்கும் மருந்து இது. நினைத்தாலே கை நடுங்குகிறது.

3.4 மில்லியைத் தேக்கரண்டியில் அளக்க முடியாது. ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்சு வாங்கிவரச் சொன்னேன். கொடுப்பதற்கு முன் எடை, பாட்டிலின் அடர்த்தி, வந்த விடை மூன்றையும் மருத்துவருக்குச் செய்தியாக அனுப்பினேன். “சரி, 3.4 கொடுங்கள். அடுத்த வேளைக்கு 4 முதல் 6 மணி நேர இடைவெளி வேண்டும். 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம்” என்று பதில் வந்தது.

இன்னொன்றும் கேட்டார்: வீட்டில் சளிக்கு வேறு சிரப் கொடுக்கிறீர்களா? அம்மா அலமாரியில் இருந்த பாட்டிலைப் படம் எடுத்து அனுப்பினார். அதன் சேர்மானத்திலும் பாரசிட்டமால் இருந்தது. நல்ல வேளையாக அது இன்னும் திறக்கப்படவில்லை. அதை எடுத்து வைத்துவிட்டு, காய்ச்சல் சிரப் பாட்டிலில் “3.4 மில்லி” என்று காகிதம் ஒட்டி, கொடுத்த நேரத்தை அதற்குக் கீழே எழுதிவரச் சொன்னேன்.