பனுவும் பனையும்

பனங்கிழங்கில் செய்கிற எங்கள் ஒடியல் மாவுக்குப் பெயர் தேடினபோது, பனையைச் சுருக்கி ‘பனு’ என்று வைத்தது நான்தான். செல்லப்பெயர் மாதிரி வாய்க்குச் சின்னதாக இருந்தது. பையில் அச்சடிக்க நாலு நிறம், நிறத்துக்கு ஒரு அச்சுச் சிலிண்டர். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அது இருக்கிற சிலிண்டரைத் திரும்ப வெட்டவேணும். அதனால் முற்பணம் கட்ட முதல் சிங்களத்தில் அதற்கு என்ன பொருள் வருகிறது என்று கேட்டுவிடுவோம் என்று நினைத்தேன்.

முதலில் கேட்ட விதமே பிழை. தெரிந்த சிங்கள வியாபாரி ஒருவருக்கு வட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் அனுப்பி, “இந்தப் பெயர் நல்லமோ?” என்று கேட்டேன். “நல்லம்” என்றார். அவர் அதைப் ‘பானு’ என்று வாசித்திருக்கிறார்! குறில் நெடில் ஆங்கில எழுத்தில் தெரியாது. அதோடு, நல்லமோ என்று கேட்டால் ஆர் இல்லையெண்டு சொல்லுவினம்?

பிறகு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்குக் கிட்ட ஒரு தேத்தண்ணிக் கடையில் சிங்கள மாணவர் நாலு பேரிடம் கேட்டேன். என்ன சாமான் என்று சொல்லவில்லை. வாயால் மட்டும் சொல்லி, “கேட்டவுடனே என்ன ஞாபகம் வருது?” என்றேன். மூன்று பேர் சிரித்துவிட்டார்கள்.

“அண்ணே, பனு எண்டா புழு. வயித்துப் புழுவுக்குக் குடிக்கிறது பனு பெஹெத்.”

வண்டு வைக்கிற மாவுக்குப் புழு என்று பெயர்! எனக்கு வேர்த்துவிட்டது.

மச்சான் விடவில்லை. “புழுவுக்கு அவை மூண்டுசுழி ண போடுகினம், நாங்கள் மற்ற ன போடுவம்” என்றான். எழுத்தில் வித்தியாசம் உண்டு, உண்மைதான். ஆனால் இன்றைய சிங்களப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே ஒலி. கடையில் ஆட்கள் வாயாலதானே கேட்பார்கள்?

‘பனை’ என்றே வைத்தோம். அதையும் அதே பெடியளிடம் சொல்லிப் பார்த்தேன். ‘பண’, அதாவது உயிர், ஞாபகம் வருகிறது என்றார்கள். தப்பினோம்.

அடுத்தது பாரிஸ், எங்கள் மாவில் பாதி அங்கேதான் போகிறது. சித்தியின் மகள் தன் வேலையிடத்தில் ஆங்கில எழுத்தில் எழுதிய பெயரைக் காட்டி வாசிக்கச் சொன்னாள். அது அவர்களுக்கு ‘பனே’. அப்படித்தான் அவர்கள் ஒரு வெள்ளைக் கிழங்கைச் சொல்கிறார்கள், கரட் வடிவத்தில் இருக்கும். ஆபாசமில்லை, ஆனாலும் ஆபத்து இதில்தான் கூட: ஒடியலும் கிழங்கு மா. வாங்குகிறவர் அந்தக் கிழங்கின் மா என்றே நம்பிவிடுவார், பிழை என்று ஒருவருக்கும் தோன்றாது.

பெயரை மாற்றவில்லை. பெயருக்கு நேர்கீழே, அதே அளவு எழுத்தில், பனங்கிழங்கு மா என்று பிரெஞ்சில் எழுதி, பக்கத்தில் பனைமரம் ஒன்றும் கீறினோம். சிலிண்டரும் இப்போதைக்கு வெட்டவில்லை. வெறும் பையில் ஸ்டிக்கர் ஒட்டி 200 பை அனுப்பியிருக்கிறோம். நேற்று மச்சான் கேட்கிறான், “நோர்வேயில ஆரிட்டக் கேக்கிறது?”