விடுப்பு முடிந்து வந்தவரும் புது ஆள்தான்

காட்பாடிப் பக்கம் ஐந்து மாடி விடுதி ஒன்றின் கட்டுமான வேலையில் பாதுகாப்பு அலுவலராக இருக்கும் எனக்கு, கோடை வெயில் குறித்த சுற்றறிக்கை ஒன்றை இரண்டு முறை எழுத வேண்டி வந்தது. முதல் முறை எழுதியது வீணானதற்கும் இரண்டாவது பலித்ததற்கும் நடுவில் ஒருவர் உயிர் போகப் பார்த்தது.

முதல் சுற்றறிக்கை ஏப்ரல் கடைசியில் போனது. "பணியாளர்கள் அனைவரும் போதுமான அளவு நீர் அருந்த வேண்டும், தலைக்கவசம் அணிய வேண்டும், நண்பகல் வெயிலைத் தவிர்க்க வேண்டும்" என்று ஏழெட்டு வரி. கீழே கையெழுத்து, முத்திரை. கேட்டருகே பலகையில் ஒட்டினோம். இரண்டு நாளில் அதன் மேல் சிமென்ட் லோடு கணக்குச் சீட்டு ஒட்டியிருந்தது. கம்பி மேஸ்திரியிடம் கேட்டேன். "வேலூர்ல பொறந்தவனுக்கு வெயிலப் பத்தி இன்னா சார் சொல்லப் போறீங்க?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சுற்றிலும் மரமில்லாத பாறை மலைகள், பக்கத்தில் மணல் மட்டும் கிடக்கும் பாலாறு. இந்த ஊர்க்காரருக்கு வெயில் புதிதில்லைதான். ஆனால் அந்த நம்பிக்கையில்தான் ஆபத்து இருந்தது.

வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அந்தப் பக்கத்துக் கிராமங்கள். சித்திரை கடைசி வாரத்திலேயே கிளம்பிவிடுவார்கள். அதையொட்டி வீட்டில் கல்யாணம், காதுகுத்து இருந்தால் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகிவிடும். திரும்பி வேலைக்கு வருவது மே நடுவில், கத்திரி வெயிலின் உச்சத்தில்.

அப்படித் திரும்பி வந்தவர்களில் ஒரு கம்பி கட்டுபவர், நாற்பது வயதிருக்கும், பதினெட்டு வருட அனுபவம். தங்கை கல்யாணம், பிறகு திருவிழா என்று பன்னிரண்டு நாள் விடுப்பு. மூன்று ராத்திரியாகச் சரியான தூக்கமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. வந்த அன்றே காலை ஏழு மணிக்கு நான்காவது மாடி ஸ்லாபில் ஏறிவிட்டார். மறுநாள் கான்கிரீட் போடவேண்டும், கட்டிய கம்பியின் டன் எடைக்குத்தான் கூலி, யாருக்கும் நிற்க நேரமில்லை.

கான்கிரீட்டைத் தாங்க அடியில் பரப்பும் சென்ட்ரிங் தகட்டின் மேல் நின்று கம்பி கட்டுவது எப்படியிருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேலே வெயில். கீழே இரும்புத் தகடு, அது வாங்கிய வெயிலை முகத்துக்கே திருப்பி அடிக்கும். குனிந்தே செய்கிற வேலை. பெரும்பாலும் கைப்பிடிச் சுவர் உயரத்தில் கட்டிய சாக்குப் படுதா காற்றையும் தடுக்கும். அன்று வேலூரில் 41 டிகிரி என்று வானிலைச் செய்தி. அது நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்து அளந்த சூடு. தகட்டின் மேல் நிற்பவருக்கு அது பொருந்தாது.

பதினொன்றரை மணிக்கு அவர் கட்டிய முடிச்சையே திரும்பவும் கட்டினார். பக்கத்தில் இருந்த பையன் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் கம்பி முறுக்கும் கொக்கியைக் கீழே போட்டுவிட்டு, "மாட்டைப் புடிச்சுக் கட்டுடா" என்றாராம். பையன் விளையாட்டு என்று நினைத்தான். அடுத்த ஐந்து நிமிடத்தில் கம்பி வலை மேலேயே சரிந்தார்.

நான் ஏறிப் போனபோது அவரைச் சுற்றிப் பத்துப் பேர். சட்டை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. "வேர்க்குது சார், அதனால வெயில் மயக்கம் இல்ல, பித்தம்" என்றார் ஒருவர். இது எங்கும் பரவியிருக்கிற தவறான எண்ணம். வெயில் மயக்கம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக் என்றால் தோல் காய்ந்துதான் இருக்கும் என்பது வீட்டுக்குள் கிடக்கும் முதியவர்களிடம் பெரும்பாலும் சரி. உழைத்துக்கொண்டே விழுபவருக்கு வேர்வை ஓடிக்கொண்டுதான் இருக்கும். பார்க்க வேண்டியது வேர்வையை அல்ல, புத்தியை. பேச்சு குழறுகிறதா, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வருகிறதா, ஆள் தடுமாறுகிறாரா? சூட்டில் வேலை செய்பவரிடம் இதில் ஒன்று தெரிந்தாலும் உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம் என்று எடுத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

ஒருவர் சோடாவை வாயில் ஊற்றப் போனார். தடுத்தேன். நினைவு தப்பியவருக்கு விழுங்கத் தெரியாது, நுரையீரலுக்குள் போய்விடும். காப்பாற்றியது ஒரு சித்தாள் அக்கா. ஸ்லாப் ஓரத்தில் கிடந்த, கான்கிரீட்டை நனைக்கும் கியூரிங் ஓஸைத் திறந்தவர், முதலில் வந்த தண்ணீரைக் கீழே விட்டார். வெயிலில் கிடந்த கறுப்பு ஓஸுக்குள் நிற்கும் தண்ணீர் கொதிக்கும், மேலே பட்டால் தோல் வெந்துபோகும். குளிர்ந்த தண்ணீர் வர ஆரம்பித்த பிறகுதான் விழுந்தவர் மேல் பிடித்தார். சட்டையைக் கிழித்தோம், தூண்களுக்குச் சுற்றும் ஈரச் சாக்கை நெஞ்சில் போட்டோம், பிளைவுட் துண்டால் விசிறினோம். 108 வர இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. அதுவரை தண்ணீரை நிறுத்தவில்லை. வண்டி வரும்போது கண்ணைத் திறந்து, "கொக்கி எங்கடா?" என்று கேட்டார்.

மருத்துவமனையில் சிறுநீரகம் கொஞ்சம் அடிபட்டிருக்கிறது என்று ஐந்து நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துக்கொண்டார். முதலில் குளிரவைப்பது, பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடுவது என்பதை அன்று கண்ணால் பார்த்தோம். விழுந்த அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்கினால் உறுப்புகள் பெரும்பாலும் தப்பும்.

அன்று இரவு உட்கார்ந்து யோசித்தபோது என்னை உறுத்தியது ஒன்றுதான். நான் புது ஆட்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன். பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்களிடம் போய்ப் போய் விசாரித்தேன். பதினெட்டு வருட அனுபவக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெயிலில் தினமும் உழைக்கும் உடம்பு ஒன்றிரண்டு வாரத்தில் பழகிக்கொள்கிறது. இரத்தத்தில் நீரின் அளவு கூடுகிறது. அதனால் தசைக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் அனுப்ப இதயம் திணறுவதில்லை. வேர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கிறது, நிறைய வருகிறது, அதில் போகும் உப்பு குறைகிறது. ஆனால் இது கைத்தொழில் மாதிரி ஆயுளுக்கும் நிற்பதில்லை. ஒரு வாரம் வெயில் வேலையை விட்டாலே கணிசமாகக் குறைந்துவிடும், ஒரு மாதம் விட்டால் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது. அவருடைய கை பதினெட்டு வருடம் பழகிய கை. உடம்போ அன்று காலை புதிதாக வந்த உடம்பு.

இரண்டாவது சுற்றறிக்கையைப் பேசுகிற மாதிரியே எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் "ஏனென்றால்" வைத்தேன். அதிலிருந்து ஒரு பகுதி:

"ஏழு நாளுக்கு மேல் ஊருக்குப் போய் வந்தவர்கள் முதல் நாள் நாலு மணி நேரம், இரண்டாம் நாள் ஐந்து மணி நேரம், மூன்றாம் நாள் ஆறரை மணி நேரம் மட்டும் வெயிலில் வேலை செய்யவும். நாலாம் நாளிலிருந்து முழு வேலை. ஏனென்றால் ஊரில் இருந்த நாட்களில் உங்கள் உடம்பு வெயிலை மறந்திருக்கும். இது உங்கள் திறமையைப் பற்றியது அல்ல. முற்றிலும் புதிதாக வருபவர்கள் முதல் நாள் ஒன்றரை மணி நேரம், பிறகு தினமும் ஒன்றரை மணி நேரம் கூட்டிக்கொள்ளவும்."

இதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அடித்து, ஒட்டுவதோடு விடாமல் காலைக் கூட்டத்தில் மேஸ்திரியையே வாசிக்கச் சொன்னேன். வாசித்து முடித்ததும் அவரே கேட்டார்: "நாலு மணி நேரம்தான்னா மீதிக் கூலிக்கு எங்க சார் போவான்? ஊருக்குப் போனதையே சொல்ல மாட்டான்." சரியான கேள்வி. கூலி குறையும் என்றால் எந்த விதியும் நிற்காது. நிர்வாகத்தோடு இரண்டு நாள் பேசி, அந்த மூன்று நாளும் மீதி நேரத்தில் ஷெட்டுக்குள் நிழலில் கம்பியை ரிங்காக வளைக்கும் வேலை, முழு நாள் சம்பளம் என்று முடிவு செய்தோம். ரிங் எப்படியும் யாராவது வளைக்க வேண்டியதுதான். நிறுவனத்துக்குப் பெரிய நஷ்டம் எதுவும் வரவில்லை.

தண்ணீர் விஷயத்திலும் அப்படி ஒரு பாடம். இருபது நிமிடத்துக்கு ஒரு டம்ளர், தாகம் எடுக்கும்வரை காத்திருக்க வேண்டாம், ஏனென்றால் தாகம் தெரியும்போதே உடம்பில் நீர் குறைந்திருக்கும் என்று எழுதியிருந்தேன். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம், இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும் என்பதும் இருந்தது. ஆண்கள் குடித்தார்கள். சித்தாள் பெண்கள் குடிக்கவில்லை. ஓஸைப் பிடித்த அதே அக்காவிடம் தனியாகக் கேட்டேன். "கக்கூஸ் கீழ, கேட்டாண்ட இருக்குது தம்பி. நாலு மாடி எறங்கி ஏறணும். அதுக்குப் பூட்டு வேற, சாவி வாட்ச்மேன்கிட்ட. அவர்கிட்ட போய்க் கேக்கறதுக்குக் குடிக்காமலே இருந்துடலாம்" என்றார். எந்தச் சுற்றறிக்கையாலும் அந்தத் தாகத்தைத் தீர்க்க முடியாது. இரண்டாம் மாடியில் முடிந்திருந்த ஒரு குளியலறைக்குத் தற்காலிகக் குழாய் இழுத்து, கதவு மாட்டி, சாவியைப் பெண்களிடமே கொடுத்தோம். அந்த வாரத்திலேயே பெண்கள் பக்கத்துத் தண்ணீர் கேன் ஒன்று போதாமல் இரண்டானது.

ஒன்று மட்டும் சரியாக வரவில்லை. திரும்பி வந்தவர்களை அடையாளம் காண ஹெல்மெட்டில் மஞ்சள் டேப் ஒட்டச் சொன்னேன். இளவட்டங்கள் வெட்கப்பட்டு உரித்துப் போட்டார்கள். டேப்பை விட்டுவிட்டு வருகைப் பதிவேட்டிலேயே பெயருக்கு எதிரே குறி வைத்தோம், ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி ஆள் சொன்னோம். ஜோடி ஆளின் வேலை அவ்வப்போது ஏதாவது கேட்பது. எத்தனை முடிச்சு ஆச்சு, மத்தியானம் என்ன சாப்பாடு, எதுவானாலும் சரி. பதில் குழறினால் உடனே நிழலுக்கு இறக்குவது, கியூரிங் ஓஸைத் திறப்பது. அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்று சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டோம். சிரித்த அந்தப் பையன் அதை இரண்டு முறை வாசித்தான்.

இந்த வருடம் அதில் ஒரு பத்தி சேர்க்க வேண்டியிருக்கிறது. வெளிமாநிலப் பையன்கள் தங்கும் ஷெட் முழுக்கத் தகரம். போன வாரம் இரவு பதினோரு மணிக்கு வெப்பமானியோடு உள்ளே போனேன், 35 டிகிரி காட்டியது. பகலில் ஏறிய சூடு ராத்திரியில் இறங்காவிட்டால் மறுநாள் காலை ஏழு மணிக்கே உடம்பு பாதி களைத்துப்போயிருக்கும், அப்புறம் நான்கு மணி நேரம் என்ற கணக்கே பொய்யாகிவிடும். தகரத்தின் மேல் தென்னை ஓலை வேயவும், எதிரெதிர்ச் சுவர்களில் ஜன்னல் வெட்டவும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஓலை திங்கட்கிழமை வருகிறது. ஜன்னலுக்கு இன்னும் பதில் வரவில்லை.