கேப்சூலை டாக்டரிடம் சொல்லாமல் விட்ட மூன்று மாதம்

கெட்ட கொழுப்பான எல்.டி.எல். 162 என்று ரிப்போர்ட் வந்ததும், கோத்தகிரியில் நான் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அதைக் குறைக்க அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. எழுதிக் கொடுத்தார். தசைவலி வரும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பயந்து அதை வாங்கவே இல்லை. அதற்குப் பதிலாக பெர்பெரின் 500 மி.கி. மூன்று வேளையும், கிரீன் டீ எக்ஸ்ட்ராக்ட் கேப்சூல் காலையில் இரண்டும் சாப்பிட ஆரம்பித்தேன்.

இரண்டின் மீதும் எனக்கு நம்பிக்கை இருந்தது. எங்கள் மலையில் புதர் புதராக வளரும் ஊசிக்கலாச் செடியின் கட்டை மஞ்சளாக இருப்பதற்குக் காரணமே பெர்பெரின்தான். சின்ன வயதில் அந்தப் பழத்தைப் பறித்துத் தின்றிருக்கிறோம். தேயிலையோ வாசலைத் தாண்டினாலே இருக்கிறது. "இயற்கைதானே, எந்த மாத்திரையோடும் சாப்பிடலாம்" என்று கடைக்காரரும் சொன்னார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன் என்று சொன்ன பிறகும் அவர் அதையேதான் சொன்னார். அந்த வார்த்தையை இன்னும் மன்னிக்க முடியவில்லை.

முதல் வாரம் வயிற்றுப் பிசைவும் மலச்சிக்கலும். அது போய்விட்டது. ஆறாவது வாரம் ஒருநாள் காலை பதினொரு மணிக்கு வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் மங்கியது. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை 56. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 84.

டாக்டரிடம் ஓடினேன். "வேறு ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களாம்மா?" என்று தெளிவாகக் கேட்டார். நான் இல்லை என்றேன். பொய் சொல்ல நினைக்கவில்லை, கேப்சூலை மருந்தாகவே நான் எண்ணவில்லை. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லி அனுப்பினார். அடுத்த மாதத்தில் இன்னும் இரண்டு முறை அப்படியே ஆனது.

மூன்றாம் மாத முடிவில் ரத்தம் கொடுத்தேன். எல்.டி.எல். 139. அந்தச் சந்தோஷம் அடுத்த வரி வரைக்கும்தான். கல்லீரல் என்சைம் எஸ்.ஜி.பி.டி. முன்பு 30 இருந்தது, இப்போது 128. கோயம்புத்தூரில் கல்லீரல் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள்.

மேட்டுப்பாளையம் இறங்கி, பஸ் மாறி, அரை நாள் காத்திருந்தேன். கையில் ஃபைல் முழுக்க ரிப்போர்ட். அவர் எதையும் திறக்காமல், "கடையில் நீங்களாக வாங்கிச் சாப்பிடுவது என்னென்ன? எண்ணெய், பொடி, கேப்சூல் எல்லாம் சொல்லுங்க" என்றார். அப்போதுதான் சொன்னேன். டப்பாவைக் கேட்டார். அது வீட்டில், படம் எடுத்து அனுப்பவும் வீட்டில் ஆளில்லை. இரண்டையும் இன்றே நிறுத்துங்க, அடுத்த வாரம் டப்பாவோடு வாங்க என்று அனுப்பிவிட்டார். ஒரு நாள் முழுக்க வீண்.

அடுத்த முறை லேபிளைப் படித்துவிட்டு விளக்கினார். அதில் எக்ஸ்ட்ராக்ட் எத்தனை மி.கி. என்று இருந்ததே தவிர, கிரீன் டீயில் இருக்கும், கல்லீரலைப் பாதிக்கக்கூடிய ஈ.ஜி.சி.ஜி. என்ற பொருள் எவ்வளவு என்று இல்லை. ஒரு நாளைக்கு 800 மி.கி. ஈ.ஜி.சி.ஜி.யைத் தொட்டால் சிலருக்கு என்சைம் ஏறும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2018-இல் சொல்லியிருக்கிறதாம். வெறும் வயிற்றில் எடுத்தால் உடம்பு அதை இன்னும் அதிகமாக உறிஞ்சும். நானோ தினமும் வெறும் வயிற்றில்தான் விழுங்கினேன். மஞ்சள் காமாலை வைரஸ் டெஸ்டும் ஸ்கேனும் சரியாக இருந்ததால் கேப்சூல் மேல்தான் சந்தேகம் என்றார். சிறுநீர் டீ நிறமாவது, அரிப்பு, கண் மஞ்சளாவது, வலப்பக்க மேல்வயிற்றில் வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே வரச் சொன்னார்.

சர்க்கரை இறங்கியதற்கு பெர்பெரின் காரணம். அதுவே சர்க்கரையைக் குறைக்கும். அதோடு, கிளிமிபிரைடை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் என்சைமையும் மந்தமாக்கும். அதனால் நான் விழுங்கிய ஒரு மாத்திரை ஒன்றுக்கு மேல் வேலை செய்திருக்கலாம். அடோர்வாஸ்டாடினோடு சேர்த்தால் அதுவும் ரத்தத்தில் கூடி, நான் பயந்த அதே தசைவலி வரலாம். இவ்வளவுக்கும் எல்.டி.எல். குறைந்தது 23 புள்ளி. அதிலும் பெரும்பகுதி பெர்பெரினுடையது, கிரீன் டீயின் பங்கு நாலைந்து புள்ளிதான் இருக்கும் என்றார்.

நிறுத்திய ஆறு வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. 31-க்கு வந்தது. சர்க்கரை அதன்பின் 70-க்குக் கீழே போகவில்லை. அப்புறம் அடோர்வாஸ்டாடின் ஆரம்பித்தேன், இரண்டு மாதத்தில் எல்.டி.எல். 101. தசைவலி இல்லை.

கடைசி விசிட்டில், வீட்டில் போடும் கிரீன் டீயையும் விட வேண்டுமா என்று கேட்டேன். "கோப்பையில் ஊற்றிக் குடிப்பது வேறும்மா. சாப்பிட்ட பிறகு ஒன்றிரண்டு குடிங்க" என்றார்.