ஒரு 'k', ஒரு புள்ளி

குமுளியில் எங்கள் தெருவில் பாதிச் சண்டை இப்போது வாட்ஸ்அப்பில்தான் முளைக்கிறது. "அக்கா, கம்பம் பஸ்ஸில் ஏலக்காய்ப் பையை ஏற்றிவிட்டேன், ஐந்து மணிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தம்பி எழுதுகிறான். பதில்: "k." அக்காவுக்கு என்ன கோபமோ என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

காகிதத்தில் வாக்கியத்தை முடிப்பது முற்றுப்புள்ளி. வாட்ஸ்அப்பில் அந்த வேலையை அனுப்பும் பொத்தானே செய்துவிடுகிறது. அதன் பிறகும் புள்ளி இருந்தால் வேண்டுமென்றே வைத்ததாகத் தோன்றுகிறது. குரலைத் தாழ்த்தி "அவ்வளவுதான்" என்று பேச்சை வெட்டுவதுபோல் கேட்கிறது. 2015இல் அமெரிக்காவின் பிங்காம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒற்றைச்சொல் பதில்களை மாணவர்களிடம் காட்டினார்கள். புள்ளியோடு முடிந்த குறுஞ்செய்தி, புள்ளி இல்லாத அளவுக்கு மனதார எழுதியதாகப் படவில்லை என்பது அவர்கள் கண்டது. அதே பதில் கையெழுத்துக் குறிப்பில் இருந்தபோது அந்த வேறுபாடு இல்லை.

'k' உறுத்துவது வழக்கம் மாறும்போதுதான். "சரிடா தம்பி, பார்த்துப் போ" என்று எழுதுகிறவர் திடீரென ஓரெழுத்துக்கு இறங்கினால் எஞ்சியதெல்லாம் எங்கே என்று மனம் தேடுகிறது. எப்போதுமே 'k' போடும் எங்கள் பெரியப்பாவை யாரும் கோபக்காரர் என்பதில்லை. (பள்ளியில் இலக்கணத்துக்கு அடி வாங்கிய தலைமுறை புள்ளியை விடவே விடாது.)

அக்கா அன்று மாவு பிசைந்துகொண்டிருந்தாராம். ஒரு விரல்தான் காலி.