தொலைந்த சான்றிதழும் மூன்று தடவை திரும்பி வந்த சத்தியக்கடதாசியும்

சான்றிதழைத் தொலைத்தால் பொலிஸில் ஒரு முறைப்பாடு, புதுக்கடைப் பக்கம் போய் ஒரு சத்தியக்கடதாசி, சமாதான நீதவானின் கையெழுத்து. இவ்வளவுதான் வேலை என்று எல்லாருக்கும் தெரியும். மச்சாளின் டிப்ளோமா சான்றிதழுக்கு இரண்டாம் பிரதி எடுக்கவும் இதைத்தான் செய்தோம். கடதாசி மூன்று தடவை திரும்பி வந்தது. மூன்று தடவையும் கருமபீடத்தில் இருந்தவர் காரணம் சொல்லவில்லை. "பிழை இருக்கு, திருத்திக்கொண்டு வாங்கோ" என்பதோடு சரி. எங்கே பிழை என்பதை நாங்களேதான் தேடிப் பிடித்தோம். தட்டச்சில் எழுத்து விடுபட்டதெல்லாம் அதில் ஒரு பொருட்டே இல்லை.

முதலாவது பிழை திகதியில். அரச கடதாசிகளில் ஆண்டு முதலில் வரும். பொலிஸ் பிரதியில் 2024.05.04 என்று இருந்தால் அது மே 4. தட்டச்சு செய்தவர் அதைப் பார்த்து நாளை முன்னுக்குக் கொண்டுவரும்போது 05.04.2024 என்று அடித்துவிட்டார். வாசிப்பவருக்கு அது ஏப்ரல் 5. ஆனால் அதே கடதாசியின் இரண்டாம் பந்தியில் வீடு மாறியது ஏப்ரல் 28 என்று இருக்கிறது. அதாவது வீடு மாறியபோது தொலைந்த சான்றிதழ், வீடு மாறுவதற்கு மூன்று கிழமைக்கு முன்னரே காணாமற்போய்விட்டது! பார்த்த மாத்திரத்தில் இது பொய்க் கடதாசியாகத்தான் தெரியும்.

மாதத்தை எழுத்தில் எழுதினால் இந்தச் சிக்கலே வராது. "2024 மே மாதம் 4ஆம் திகதி" என்று கடதாசி முழுவதும் ஒரே மாதிரி இருக்கட்டும். பிறகு கடதாசியில் உள்ள எல்லாத் திகதிகளையும் ஒரு துண்டில் வரிசையாக எழுதிப் பாருங்கள். எங்களுடைய வரிசை இது: ஏப்ரல் 28 வீடு மாறியது, மே 4 சான்றிதழ் இல்லை என்று கண்டது, மே 6 முறைப்பாடு, மே 9 கையெழுத்து. இந்த நான்கும் முன்னோக்கித்தான் போகவேண்டும். முறைப்பாடு செய்யமுன்னரே கடதாசியைத் திகதியோடு அடித்து வைத்துவிட்டு, பொலிஸ் பதிவின் பக்க இலக்கத்தையும் பந்தி இலக்கத்தையும் பிறகு பேனையால் நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கையெழுத்துத் திகதி முறைப்பாட்டுத் திகதிக்கு முந்திப் போய்விடும். இன்னும் நடக்காத முறைப்பாட்டைப் பற்றி உறுதி சொன்னதாக முடியும்.

இன்னொன்று. "மே 4ஆம் திகதி காணாமற்போனது" என்று எழுதாதீர்கள். அன்றைக்குத்தான் தொலைந்தது என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரிந்தது இவ்வளவுதான்: ஏப்ரல் 28 காலையில் கோப்பில் கண்டது, மே 4 தேடியபோது இல்லை. அதை அப்படியே சொல்லலாம்: "கடைசியாக ஏப்ரல் 28ஆம் திகதி என் வசம் இருந்தது; மே 4ஆம் திகதி தேடியபோது காணாமற்போயிருப்பதை அறிந்தேன்." நாளை மூலப்பிரதி மே 2இல் யாரோ கண்டெடுத்ததாக வந்தாலும் இந்த வாக்கியம் பொய்யாகாது.

சான்றிதழின் திகதியும் இப்படித்தான் ஏமாற்றும். ஒரு டிப்ளோமாவில் இரண்டு, மூன்று திகதிகள் இருக்கலாம்: தகைமை நடைமுறைக்கு வந்த நாள், பட்டமளிப்பு நாள், சான்றிதழில் கையெழுத்திட்ட நாள். நாங்கள் கடதாசியில் 2008 என்று போட்டோம், விண்ணப்பத்தில் 2009 என்று போட்டோம். இரண்டும் உண்மை. ஆனால் கோப்பைப் பார்ப்பவருக்கு அவை இரண்டு சான்றிதழ்கள். நிழற்பிரதி இருந்தால் அதிலுள்ள வார்த்தைகளோடு எழுதுங்கள்: எந்த நாள், எதற்கான நாள், சுட்டிலக்கம் என்ன. நிழற்பிரதி இல்லாவிட்டால் பதிவேட்டில் உள்ளதை நிறுவனத்திடம் முதலில் எழுதிக் கேளுங்கள்.

இரண்டாம் தடவை திரும்பியது சூழ்நிலையை விபரித்த பந்தியால். முதல் வரைவில் இப்படி இருந்தது: "கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தைக்கு வீடு மாறும்போது லொறியிலிருந்து பெட்டி விழுந்து எனது சான்றிதழ் தொலைந்துவிட்டது." வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் லொறியில் போனவர் மச்சாளின் கணவர். மச்சாள் பிள்ளைகளோடு ஓட்டோவில் பின்னால் வந்தார். பெட்டி விழுந்ததை அவர் காணவில்லை. உண்மையில் யாருமே காணவில்லை, அது ஓர் ஊகம். பொலிஸ் பதிவிலோ "பயணத்தின்போது பஸ்ஸில் தவறவிடப்பட்டது" என்று சிங்களத்தில் இருந்தது. எங்கிருந்து பஸ் வந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை. வாசித்துக் காட்டியபோது நாங்கள் சரியாகக் கேட்காமல் கையெழுத்துப் போட்டதுதான் பிழை.

குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 181ஆம் பிரிவு, தானே அறிந்த, தானே கண்ட விடயங்களையே ஒருவர் சத்தியக்கடதாசியில் சொல்லவேண்டும் என்கிறது. அது நீதிமன்றத்துக்கு என்று எழுதப்பட்டதுதான். ஆனாலும் கந்தோருக்குக் கொடுக்கும் கடதாசியையும் இதே அளவுகோலால் சரிபார்க்கலாம். ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, "இதை நான் கண்டேனா?" என்று கேளுங்கள். காணாததாக இருந்தால் அதை அகற்றவேண்டும், அல்லது யார் சொல்லித் தெரியும் என்று எழுதவேண்டும், அல்லது கண்டவர் தன் பெயரில் தனிக் கடதாசி கொடுக்கவேண்டும். கடைசியில் நாங்கள் எழுதியது இதுதான்: "மேற்படி சான்றிதழை ஏனைய ஆவணங்களுடன் நீல நிறக் கோப்பொன்றில் வைத்து, அதனைப் பெட்டியொன்றில் இட்டேன். அப்பெட்டி எனது கணவரின் பொறுப்பில் லொறியில் கொண்டுசெல்லப்பட்டது. புதிய வீட்டில் பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது அக்கோப்பு காணப்படவில்லை." எங்கே விழுந்தது என்ற பேச்சே இல்லை. கணவரும் ஐந்து வரியில் தனியாக ஒன்று கொடுத்தார்.

சொற்களிலும் கவனம் வேண்டும். "களவு போனது" என்று ஓரிடத்தில் வந்துவிட்டால் அது ஒரு குற்றத்தைப் பற்றிய முறைப்பாடு ஆகிவிடும். "காணாமற்போனது", "தவறவிடப்பட்டது", "களவாடப்பட்டது" மூன்றையும் அழகுக்காக மாற்றி மாற்றி எழுதக்கூடாது. ஒன்றைத் தெரிவுசெய்து கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். "எனது சான்றிதழ்கள்" என்று பன்மையில் எழுதுவதும் ஆபத்து. தொலைந்தது ஒன்றென்றால் ஒன்று. அதே கோப்பில் வேறு ஆவணங்களும் போயிருந்தால் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதவேண்டும்.

பொலிஸ் பதிவு பிழையாக இருந்தால் என்ன செய்வது? அதற்கு ஏற்ற மாதிரிக் கடதாசியை வளைக்கச் சொல்லித் தட்டச்சுக்காரர் சொன்னார். வேண்டவே வேண்டாம். பொய்யான பஸ் பயணத்துக்கு உறுதியுரைத்ததாகிவிடும். அதே பொலிஸ் நிலையத்துக்குத் திரும்பிப் போய் மேலதிக வாக்குமூலம் ஒன்று கொடுத்தோம். கடதாசியில் இரண்டு பதிவுகளின் திகதியையும் இலக்கத்தையும் காட்டி, பின்னையது முன்னையதைத் திருத்துகிறது என்று ஒரு வரி சேர்த்தோம். அதனால் கையெழுத்துத் திகதியும் பின்னுக்குப் போனது. திகதித் துண்டை மறுபடி எழுதிப் பார்க்க மறக்கவேண்டாம்.

மூன்றாம் தடவை அடையாளம். சான்றிதழில் தகப்பனின் பெயரோடு மச்சாளின் பெயர். அடையாள அட்டையில் கணவரின் பெயரோடு. பொலிஸ் பதிவு சிங்களத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்டபோது அந்தப் பெயரில் ஒரு 'எச்' எழுத்துக் கூடிவிட்டது. மூன்று கடதாசி, மூன்று பெண்கள். தமிழ்ப் பெயர்களுக்கு இது புதிதல்ல, ஆனால் யாரோ ஒருவர் இணைத்துச் சொல்லவேண்டும். முதற் பந்தியில் அடையாள அட்டையிலுள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே வரட்டும். அடுத்த பந்தி: "சான்றிதழில் இன்னவாறும், தேசிய அடையாள அட்டையில் இன்னவாறும், பொலிஸ் பிரதியின் மொழிபெயர்ப்பில் இன்னவாறும் குறிப்பிடப்படுபவர் ஒருவரே, அவர் நானே." பெயர் மாறியதற்குச் சான்றாக விவாகப் பதிவுச் சான்றிதழின் இலக்கமும் திகதியும் அங்கேயே வரவேண்டும். அதன் பிறகு எந்த இடத்திலும் பெயரைத் திரும்ப எழுதாமல் "நான்" என்றே போகலாம். எழுதும் ஒவ்வொரு தடவையும் பிழைக்கு ஒரு வாய்ப்பு.

அடையாள அட்டை இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதோடு நிறுத்தவேண்டாம். அதற்குள்ளேயே பிறந்த நாள் இருக்கிறது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். பெப்ரவரிக்கு எந்த ஆண்டிலும் 29 நாள் என்றே கணக்கு. 1986 மார்ச் 14 பிறந்த பெண் என்றால் 31, 29, 14 கூட்டி 74, அதோடு 500. ஆகவே இலக்கம் 86574 என்று தொடங்கவேண்டும். எங்கள் கடதாசியில் 86547 என்று அடித்திருந்தது. 547இலிருந்து 500 போனால் 47, அது பெப்ரவரி 16. பிறந்த திகதி மார்ச் 14 என்று அதே பந்தியில் இருக்கிறது! கண்ணுக்குத் தப்பிய பிழை கணக்கில் அகப்பட்டது.

புதிய அட்டையில் இலக்கம் 12 எண்கள். ஆண்டு நான்கு எண்ணாகிவிடும், நாளைக் காட்டும் மூன்றுக்குப் பின்னால் ஒரு 0 சேரும், கடைசி எழுத்து போய்விடும். பொலிஸில் பழைய இலக்கம் கொடுத்து, கடதாசியில் புதியது போட்டிருந்தால் இரண்டையும் எழுதி, இரண்டும் தன்னுடையவையே என்று சொல்லிவிடுங்கள். விலாசமும் இப்படித்தான். அட்டையில் கொழும்பு 13, இருப்பது கொழும்பு 06 என்றால் "முன்னர்", "தற்போது" என்று இரண்டும் வரவேண்டும்.

நான்காவது பயணத்துக்கு முந்திய இரவு கடைசிப் பக்கத்தை நாங்களே பிடித்தோம். தட்டச்சுக் கடைகளில் பழைய கடதாசியின் மேல்தான் புதியது அடிப்பார்கள். தொடக்கத்தில் "இந்து சமயத்தவராகிய நான் உறுதியுரைக்கின்றேன்" என்று இருக்க, முடிவில் "சத்தியம் செய்து கையொப்பமிட்டார்" என்று முன்னைய ஆளின் வசனம் கிடந்தது. உறுதியுரை என்று தொடங்கினால் முடிவும் உறுதியுரைதான். அதே பக்கத்தில் "தொலைந்த எனது அடையாள அட்டை" என்றும் ஒரு வரி. தொலைந்த அட்டையின் இலக்கத்தைத்தான் முதற் பந்தியில் கொடுத்திருக்கிறோம் போலும்.

சமாதான நீதவானிடம் போகும்போது திகதி இடத்தை வெறுமையாக விட்டு, அவர் முன்னிலையில் நிரப்பிக் கையெழுத்திடுங்கள். முத்திரையில் அவருடைய பெயர், பதிவிலக்கம், நியமனப் பிரதேசம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். சிலருக்கு முழுத்தீவு, சிலருக்குக் குறித்த ஒரு பிரதேசம் மட்டும். பேனையால் திருத்திய இடம் ஏதும் இருந்தால் இருவரும் பக்கத்தில் சுருக்கொப்பமிடவேண்டும். கையெழுத்துப் பகுதி மட்டும் தனிப் பக்கத்துக்குத் தள்ளப்பட்டிருந்தால், கடைசிப் பந்தியையாவது அந்தப் பக்கத்துக்கு இறக்கி அடிப்பியுங்கள். வெறும் கையெழுத்துத் தாளை எந்தக் கடதாசியோடும் இணைக்கலாம் அல்லவா?

நான்காம் தடவை அதே கருமபீடம், அதே ஆள். ஒன்றும் கேட்காமல் சீல் குத்தி வாங்கிவைத்தார்.