விடுப்பு என்று எழுதாதேம்மா

பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவில் கண்காணிப்பாளராக இருப்பவனுக்கு மனுக்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் வரும். கட்டணம் கட்டத் தாமதம், தலைப்பு மாற்றம், நெறியாளர் மாற்றம். பார்த்ததும் எந்தக் கோப்புக்குப் போகும் என்று தெரிந்துவிடும். களப்பணி மனுவை மட்டும் நிதானமாகப் படிப்பேன். எழுதியவரே அறியாமல் தன் உதவித்தொகையை நிறுத்தச் சொல்லிக் கேட்டிருப்பது அதில்தான்.

சமூகவியல் மாணவி ஒருவரின் மனு நினைவிருக்கிறது. யுஜிசியின் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குபவர். மீன்பிடித் தடைக்காலத்தில் பாம்பன் பக்கத்து மீனவக் குடும்பங்கள் வீட்டுச் செலவை எப்படிச் சமாளிக்கின்றன என்பது ஆய்வு. பொருள் வரியில் ‘களப்பணிக்காக எட்டு மாத நீண்ட விடுப்பு வேண்டுதல்’ என்று எழுதியிருந்தார்.

ஜேஆர்எஃப் வாங்குபவருக்குப் பொது விடுமுறைகள் போக ஆண்டுக்கு 30 நாள் விடுப்புதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் உதவித்தொகை இல்லாத கல்வி விடுப்பு உண்டு. அதுவும் மொத்தக் காலத்தில் ஒரே முறை, அதிகபட்சம் ஓராண்டு. எட்டு மாத விடுப்பு என்று கோப்பில் ஏறிவிட்டால், மாதாமாதம் கனரா வங்கித் தளத்தில் அவர் பெயரை உறுதிசெய்யும் எங்கள் உதவியாளர் எதை வைத்து உறுதிசெய்வார்? மாதம் 37,000 ரூபாய் வீதம் கிட்டத்தட்ட மூன்று லட்சம் போய்விடும்.

“அப்படின்னா போகவே முடியாதா சார்?” என்றார்.

“தாராளமா போம்மா. ஆனா விடுப்புன்னு எழுதாதே. களத்துல இருக்கறதும் ஆராய்ச்சிதானே?”

மனுவின் கடைசிப் பத்தியை அங்கேயே உட்கார்ந்து மாற்றி எழுதினார்: ‘மேற்படி காலத்தில் பாம்பனில் தங்கித் தரவு சேகரிக்க அனுமதி வழங்குமாறும், அக்காலத்தை முழுநேர ஆய்வுக் காலமாகவே கருதி உதவித்தொகையைத் தொடருமாறும் வேண்டுகிறேன்.’ பொருள் வரியும் அதற்கேற்ப மாறியது.

அடுத்தது தேதிகள். பிப்ரவரி 1 முதல் செப்டம்பர் 30 வரை என்று இருந்தது. ஏன் என்று இல்லை. ‘ஆய்வின் தேவை கருதி’ என்று ஒரு சொற்றொடர். அது எல்லா மனுவிலும் இருக்கும், யாரும் படிப்பதில்லை. வாயால் கேட்டால் அழகாகச் சொன்னார். கிழக்குக் கடற்கரையில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். விசைப்படகுக்குத்தான் தடை, நாட்டுப்படகு போகலாம். அதனால் இரண்டு வகைக் குடும்பங்களையும் ஒரே ஊரில் ஒப்பிட முடியும். தடைக்கு முன் எவ்வளவு சேமிக்கிறார்கள், தடையில் யாரிடம் கடன் வாங்குகிறார்கள், படகு மறுபடி இறங்கியபின் அந்தக் கடன் எப்படி அடைகிறது என்று மூன்று கட்டத்தையும் பார்க்க வேண்டும். தடைக்கு முன் இரண்டரை மாதம், பின் மூன்றரை மாதம். இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு மனுவில் ஒரு வரிகூட எழுதவில்லை! நான்கு வரி சேர்க்கச் சொன்னேன். நான்கு மாதம் போதாதா என்று எந்தக் குழுவும் அப்புறம் கேட்காது.

எங்கள் பல்கலைக்கழகத்தில் இந்த மனு நெறியாளர், துறைத்தலைவர் வழியாகத்தான் பதிவாளருக்கு வர வேண்டும். நெறியாளர்கள் ‘பரிந்துரைக்கிறேன்’ என்று ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். நான் அதைத் திருப்பி அனுப்புவேன், கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. எட்டு மாதம் கண்ணில் படாத மாணவிக்கு மாதாமாதம் வருகைச் சான்று தரப்போவது அவர்தான். களக்குறிப்பேட்டின் நகலை மாதக் கடைசியில் வாங்கிப் பார்த்துச் சான்று தருவதாக அவர் எழுதிக் கொடுத்தால், பின்னால் தணிக்கையில் யாரும் கைவைக்க முடியாது. இடையில் வரும் டாக்டோரல் கமிட்டி கூட்டத்துக்கு மாணவி நேரில் வருவாரா, காணொளியிலா என்பதையும் மனுவிலேயே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. இந்த மாணவி ஒரு வாரம் ஊர் திரும்பி நேரில் வருவதாக எழுதினார். அதற்கு மேல் அந்தக் கோப்பில் கேள்வி எழவில்லை.

களத்தில் இருக்கும் காலம் முனைவர் பட்டத்துக்கான அதிகபட்ச ஆறு ஆண்டுக்குள்தான் அடங்கும். எட்டு மாதத்தைக் கழித்துக் கணக்கிடுங்கள் என்று பின்னால் வந்து நிற்பவர்கள் உண்டு. முழுநேர ஆய்வுக் காலம் என்று சொல்லித் தொகை வாங்கியபின் அதைக் கழிக்கச் சொன்னால் எப்படி?

மாணவர்கள் மிகவும் அலட்சியம் செய்வது ஆணை வரும்வரை காத்திருப்பதைத்தான். கமிட்டி கூட்டக் குறிப்பு, துறை, பிரிவு, பதிவாளர் என்று சுற்றிவர எங்களிடம் ஒன்றரை மாதமாவது ஆகும். மனுக் கொடுத்த மறுநாளே பஸ் ஏறினால், ஆணைத் தேதிக்கு முந்தைய நாட்களுக்குத் தனியாகப் பின்னேற்பு கேட்க வேண்டும். அது அடுத்த தலைவலி. விடுதி மெஸ் கழிவுக்கும் காப்பாளர் ஆணையின் நகலைத்தான் கேட்பார், மனுவின் நகல் செல்லாது. இவர் டிசம்பர் முதல் வாரத்தில் மனுவைக் கொடுத்தார். ஜனவரி கடைசியில் ஆணையைக் கையில் வாங்கிக்கொண்டு, விடுதிக்கு ஒரு நகல், வங்கித் தளத்தைப் பார்க்கும் எங்கள் உதவியாளருக்கு ஒரு நகல் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார்.