ஃபுல் ஆடர் சரியாக ஓடியது, வயரிங் தப்பு: 74HC138 டீகோடரோடு ஒரு வாரம்

மூன்று பிட்டைக் கூட்டும் ஃபுல் ஆடரை முன்பு எக்ஸார், ஆண்ட் கேட்டுகளில் கட்டியிருந்தேன். இந்த முறை டீகோடரில் செய்து பார்த்தேன். 74HC138 ஐ.சி.யில் மூன்று பிட் உள்ளே போனால் எட்டு வயர் வெளியே வரும். அந்த எட்டும் உண்மை அட்டவணையின் எட்டு வரிகளேதான். எந்தெந்த வரியில் விடை 1 என்று பார்த்து, அந்த வயர்களை மட்டும் ஒரு ஆர் கேட்டில் சேர்த்தால் போதும், சமன்பாட்டைச் சுருக்கும் வேலையே இல்லை. கூட்டல் விடைக்கு 1, 2, 4, 7. கேரிக்கு 3, 5, 6, 7. ஏழாவது வயர் இரண்டுக்கும் போகிறது. விடை எத்தனை வேண்டுமானாலும் டீகோடர் ஒன்றுதான், விடைக்கு ஒரு கேட் கூடுகிறது, அவ்வளவே.

முதல் நாள் கையிலிருந்த நாலு உள்ளீட்டு ஆர் கேட்டைச் சொருகினேன். எட்டு வகை உள்ளீட்டுக்கும் இரண்டு எல்.இ.டி.யும் அணையாமல் எரிந்தன. காரணம், 138-இன் வெளியீடுகள் தலைகீழ்: தேர்வான வயர் 0-க்கு இறங்கும், மற்ற ஏழும் 1-இல் நிற்கும். நான்கு வயரில் குறைந்தது மூன்று எப்போதும் 1 என்றால் ஆர் கேட் 1 தவிர வேறு எதைக் காட்டும்? இங்கே வேண்டியது நேண்ட் கேட். நான்கும் 1 ஆக இருக்கும்வரை அது 0 தரும், ஏதாவது ஒன்று இறங்கியதும் 1 தரும். பாடத்தில் வரைகிற ஆர் கேட்டின் வேலையை இந்த ஐ.சி.யோடு செய்வது நேண்ட்தான். 74HC20-இல் நாலு உள்ளீட்டு நேண்ட் சரியாக இரண்டு இருப்பதால், ஃபுல் ஆடர் முழுவதும் இரண்டே ஐ.சி.யில் முடிந்தது. எட்டு வரியும் சரி.

அப்படித்தான் நினைத்தேன். மறுநாள் அதே போர்டில் கழித்தலையும் சேர்த்தேன். x-இலிருந்து y-யையும் பழைய கடனையும் கழித்தால் மிஞ்சும் விடைக்கு அதே 1, 2, 4, 7. புதுக்கடனுக்கு மட்டும் 1, 2, 3, 7, அதற்கு இன்னொரு நேண்ட். ஒன்றிலிருந்து எதையும் கழிக்காதபோதே கடன் விளக்கு எரிந்தது. எட்டில் நான்கு வரி தப்பு: 1, 3, 4, 6. இதில் 1-ம் 4-ம், 3-ம் 6-ம் ஒன்றின் பிட்டுகளைத் திருப்பி எழுதினால் மற்றது. அங்கேதான் பிடிபட்டது. 138-இல் A என்ற 1-ஆம் கால்தான் கடைசி பிட், C என்ற 3-ஆம் கால்தான் முதல் பிட். நான் மாற்றிக் கொடுத்திருந்தேன். கூட்டலில் எந்த பிட் எங்கே போனாலும் விடை மாறாது, அதனால் ஃபுல் ஆடர் இந்தத் தப்பை மறைத்துவிட்டது. வயரிங்கைச் சோதிக்க உள்ளீடுகளின் இடம் மாறினால் விடையும் மாறுகிற ஒரு சார்பைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்து நாலு பிட். 0 முதல் 15 வரை எண் கொடுத்தால் ஒரு விளக்கு பகா எண் என்று சொல்ல வேண்டும், இன்னொன்று ஒன்பதைத் தாண்டிவிட்டது என்று சொல்ல வேண்டும். இதற்குப் பதினாறு வயர் வேண்டும். இரண்டு 138-ஐ இணைத்தேன். A, B, C இரண்டுக்கும் பொது. நான்காவது பிட் D எந்த ஐ.சி. விழித்திருக்கும் என்பதை முடிவு செய்கிறது. ஐ.சி.யை விழிக்க வைக்கும் கால்கள் G1, G2A, G2B.

```
முதல் ஐ.சி. (0-7)  : G1=5V  G2A=D    G2B=GND
இரண்டாவது (8-15)   : G1=D   G2A=GND  G2B=GND
```

G1 1-க்கு விழிக்கும், G2A-யும் G2B-யும் 0-க்கு விழிக்கும். D-யை ஒன்றில் இதற்கும் மற்றதில் அதற்கும் கொடுப்பதால் தனி இன்வர்டர் தேவைப்படவில்லை. இந்த ஐ.சி.யில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான்.

பகா எண்ணுக்கு 2, 3, 5, 7, 11, 13. ஒன்பதைத் தாண்டியதற்கு 10 முதல் 15. இரண்டுக்கும் ஆறு வயர், ஆளுக்கொரு 74HC30, அது எட்டு உள்ளீட்டு நேண்ட். மிச்சமுள்ள இரண்டு கால்களை 5 வோல்ட்டில் கட்ட வேண்டும். கிரவுண்டில் கட்டினால் விளக்கு அணையவே அணையாது.

முதலில் இரண்டாவது ஐ.சி.யின் G1-ஐ D-க்குக் கொண்டுபோகாமல் 5 வோல்ட்டிலேயே விட்டிருந்தேன். உள்ளீடு 3 வைத்தபோது ஒன்பதைத் தாண்டியதாக விளக்கு எரிந்தது. பதினாறு வயரிலும் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரோடு எல்.இ.டி. போட்டு, வயர் 0-க்கு இறங்கினால் எரியும்படி வைத்துப் பார்த்தேன். 3-ம் 11-ம் சேர்ந்து எரிந்தன. சரியாக எட்டு இடம் தள்ளி இரண்டு விளக்கு சேர்ந்து எரிந்தால், கேட்டைத் தொடாமல் நேரே G1, G2A கால்களைப் பார்க்கலாம். வயரை மாற்றியதும் பதினாறு எண்ணும் சரியாக வந்தன.

இனி ஐந்து பிட், முப்பத்திரண்டு வயர். நான்கு 138 வேண்டும். மேல் இரண்டு பிட்டும் 1 ஆகும்போது விழிக்க வேண்டிய நான்காவதுக்கு இரண்டு G1 தேவை, இருப்பது ஒன்றுதான். அதனால் இரண்டு பிட்டுக்கு நான்கு வயர் தரும் டீகோடர் இரண்டு உள்ள 74HC139-இன் ஒரு பாதியை முன்னால் வைத்து, அதன் நான்கு வெளியீட்டையும் நான்கு G2A-க்கும் கொடுக்கப் போகிறேன். அதுவும் தேர்வானதை 0-க்கு இறக்கும், G2A-யும் 0-க்குத்தான் விழிக்கும். நடுவில் இன்வர்டர் இங்கும் வேண்டாம்.